மாப்பிள்ளை கருப்பு, பொண்ணு சிவப்பு: ஒரே படத்தில் இருவரும்

மண்ணச்சநல்லூரில் முகூர்த்த நாளன்று எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், மேடைக்கு எதிரே நிற்கும் போட்டோகிராபருக்கு இருப்பது ஒரே தலைவலிதான். மாப்பிள்ளை வெயிலில் கறுத்த நல்ல கருப்பு. பொண்ணு இயல்பிலேயே சிவப்பு, போதாததற்கு மேக்கப் வேறு. இருவருக்கும் நடுவே பளீரென்ற வெள்ளைச் சட்டை.

கேமராவின் மீட்டருக்கு ஆள் தெரியாது. முன்னால் எது இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பட்டு வேட்டியையும் ஜரிகையையும் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். மாப்பிள்ளை முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். சரி என்று எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றினால் அவர் தெரிவார், ஆனால் பொண்ணின் நெற்றியும் கன்னமும் வெளுத்துப்போகும். இரண்டு முகங்களுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வித்தியாசம் இருக்கலாம். கேமராவில் எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் அந்த இடைவெளி குறையாது. அதைக் குறைக்க விளக்கைத்தான் நகர்த்த வேண்டும்.

கைதேர்ந்தவர்கள் செய்வது இதுதான். கேமராவை மேனுவலில் போட்டு, பொண்ணின் கன்னம் வெளுக்காத அளவில் எக்ஸ்போஷரை நிறுத்துவார்கள். பிறகு மூன்றடி சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை மாப்பிள்ளை பக்கமாக, சற்று முன்னால், சாய்வாக வைப்பார்கள். அவர் முகத்துக்கு 4 அடி என்றால், தோளோடு தோள் நிற்கும் பொண்ணின் முகத்துக்குச் சுமார் ஐந்தரை அடி வரும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறைவதால், பொண்ணுக்குப் போய்ச் சேருவது மாப்பிள்ளைக்குக் கிடைப்பதில் பாதி. இரண்டு ஸ்டாப் வித்தியாசம் ஒன்றாகிவிடுகிறது. அந்த ஒன்று மிஞ்சத்தான் வேண்டும். அதையும் அழித்துவிட்டால் இருவரும் ஒரே நிறமாகி, படம் பொய்யாகிவிடும்.

கூட்டம் இடிக்கிறது என்று அதே விளக்கைப் பத்தடி தள்ளி வைத்தால் இந்த வித்தை பலிக்காது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு முகங்களும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். விளக்கைக் கிட்டே வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாப்பிள்ளை முகத்துக்குக் கொடுத்த வெளிச்சத்தை அவர் சட்டையும் வாங்கிக்கொள்ளும். அதனால் விளக்கை உயர்த்தி, அதன் கீழ்விளிம்பு மட்டும் மார்பில் படும்படி கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புவார்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சட்டை மடிப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் திருப்ப வேண்டும்.

கருப்பு முகத்துக்கு உருவம் கொடுப்பது அதன் மினுமினுப்புதான். கன்ன எலும்பிலும் மூக்கிலும் ஓடும் அந்த ஒளி, பெரிய விளக்கு என்றால் பட்டையாகப் படர்ந்து முகத்தைச் செதுக்கிக் காட்டும். கேமரா தலையிலிருக்கும் சின்ன ஃபிளாஷை நேரே அடித்தால், ஹோமப் புகையில் வேர்த்த நெற்றியில் வெள்ளைப் பொட்டுகளாகத் தெறிக்கும். இதற்குப் பயந்து மாப்பிள்ளைக்குப் பவுடர் பூசுவது அதைவிட மோசம். ஃபிளாஷில் முகம் விபூதி பூசியதுபோல் சாம்பல் பூத்துவிடும். டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தாலே போதும். இந்த மினுமினுப்பு சுற்றிலும் இருக்கும் நிறங்களையும் வாங்கிக்கொள்ளும். மேடைக்குப் பக்கத்தில் பச்சை சீரியல் விளக்கு எரிந்தால், பொண்ணைவிட மாப்பிள்ளை கன்னத்தில்தான் அது முதலில் தெரியும்.

வெள்ளை முகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்ட பழக்கம் பழையது. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் கலர் லேப்களுக்கு அனுப்பிவந்த மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. அடர் பழுப்பு நிறங்களின் வேறுபாடுகளைக் காட்டும்படி ஃபிலிமைத் திருத்தச் சொல்லி முதலில் நெருக்கியவர்களில் மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்களும் உண்டு. அவர்களுடைய பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

இன்று அட்டை இல்லை, ஆல்பம் டிசைன் இருக்கிறது. "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். இருட்டாக எடுத்த முகத்தைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், பழுப்பு மங்கிச் சாம்பலாகும். சரியாக எடுத்த படத்திலும் முகத்தை மட்டும் வெளுத்தால் காது, கழுத்து, கை மூன்றும் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே போட்டோகிராபரை அமர்த்தும்போது அவர் எடுத்த பழைய ஆல்பம் ஒன்றைக் கேளுங்கள். கைத்தலம் பற்றும் படத்தைப் புரட்டி, மாப்பிள்ளையின் கையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆளுடையவையாகத் தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.