எவர்சில்வருக்கு எதிரே என்ன இருக்கிறது?

ஐகியா நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலில் பெர்டில் என்றொரு மர நாற்காலி இடம்பெற்றது. பார்வைக்கு அது போட்டோ; உண்மையில் கணினியில் உருவாக்கிய படம். இந்த வேலை பெருகியபோது படங்களின் தரம் சீராக அமையவில்லை. அதற்கு ஐகியா கண்ட வழி எளிமையானது. போட்டோகிராபர்களுக்கு முப்பரிமாண மென்பொருளையும், கணினிக் கலைஞர்களுக்கு போட்டோ எடுக்கும் முறையையும் கற்றுக்கொடுத்தது.

அது ஏன் சரியான முடிவு என்பது ஓர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை ரெண்டர் செய்து பார்த்தால் விளங்கும். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் 25 சென்டிமீட்டர் உயரப் பாட்டில் ஒன்றை வடிவமைத்து, Metallic அளவை 1 என்று வைத்து, சாம்பல் நிற வெளியில் நிறுத்தி ரெண்டர் கொடுத்தால் வருவது பெயின்ட் அடித்த குழாய். புதியவர்கள் உடனே உலோகத்தின் நிறத்தை மாற்றிப் பார்ப்பார்கள். தவறு நிறத்தில் இல்லை. பளபளக்கும் உலோகத்துக்குச் சொந்தத் தோற்றம் என்று அதிகம் கிடையாது. சுற்றிலும் இருப்பதைத்தான் அது காட்டுகிறது. சுற்றிலும் சாம்பல் மட்டுமே இருந்தால் பாட்டிலும் சாம்பலாகத்தான் தெரியும்.

எனவே முதலில் அமைக்க வேண்டியது பாட்டிலின் எதிரே இருப்பதை. இடப்பக்கம், பாட்டிலைவிட உயரமான செவ்வக விளக்கு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால், உடல் நெடுக ஒரு வெள்ளைப் பட்டை விழும். வளைவு இருப்பதைக் கண்ணுக்குச் சொல்வது அந்தப் பட்டைதான். ஆனால் அதன் இரு ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் படம் செயற்கையாகிவிடும். விளக்கின் ஒளி ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் படிப்படியாக மங்கியும் இருக்கும்படி செய்தால், பட்டையும் ஒரு பக்கம் கூராகத் தொடங்கி மறுபக்கம் கரைந்துபோகும். வலப்பக்கம் இதைவிட மங்கலான விளக்கு ஒன்று போதும்.

பின்னணி வெள்ளை என்றால் இன்னொரு சிக்கல் வரும். உருளையின் விளிம்புகள் பின்னணியையே பிரதிபலிப்பதால், பாட்டில் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஸ்டூடியோக்களில் இதற்குக் கறுப்பு அட்டை வைப்பது பழைய வழக்கம். கணினியிலும் அதே மருந்துதான்: கேமரா எல்லைக்குச் சற்று வெளியே, இரு பக்கமும் ஒவ்வொரு கறுப்புப் பலகை. விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழுந்ததும் பாட்டில் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும்.

நிஜ இடத்தின் ஒளியை முழு வீச்சோடு படமெடுத்து, அதைக் கொண்டே கணினிப் பொருளுக்கு வெளிச்சம் தரும் முறையை பால் டெபெவெக் 1998-இல் விளக்கினார். ஹெச்டிஆர்ஐ எனப்படும் அத்தகைய படங்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அதை மட்டும் நம்பினால் அறையின் ஜன்னலும் மேஜையும் பாட்டிலில் தாறுமாறாகத் தெரியும். அதை மங்கலாக வைத்து, முக்கியப் பட்டைகளைத் தனி விளக்குகளால் வரைவதே நல்லது.

ஒளி சரியான பிறகு மேற்பரப்பு. Roughness 0 என்றால் கண்ணாடி போன்ற பரப்பு. புழக்கத்தில் உள்ள எவர்சில்வர் அப்படி இருக்காது. 0.2, 0.3 அளவில் பிரதிபலிப்பு இதமாக மங்கும். அந்த அளவும் எங்கும் ஒன்றாக இல்லாமல், விரல் பட்ட இடத்தில் லேசாக மாற வேண்டும். இதற்குக் கறைப் படம் ஒன்றைச் சேர்க்கும்போது Non-Color என்று குறிப்பிட மறந்தால், மென்பொருள் அதை நிறமாகக் கணக்கிட்டு அளவுகளைத் திரித்துவிடும். அடிவிளிம்பையும் மூடியின் ஓரத்தையும் Bevel கொடுத்து அரை மில்லிமீட்டர் அளவுக்கு மழுக்க வேண்டும். நிஜப் பொருளில் முற்றிலும் கூரான முனை கிடையாது. மழுங்கிய முனையில்தான் அந்தச் சிறு ஒளிக்கோடு பிடிக்கும்.

கேமராவை 24 மில்லிமீட்டரில் வைத்து அருகே கொண்டுபோனால் மூடி பெருத்து, அடிப்பகுதி சிறுத்துவிடும். 85 மில்லிமீட்டர் வைத்துத் தள்ளி நிறுத்தினால் வடிவம் குலையாது. பின்னணி சற்றே மங்க வேண்டுமென்று f/2.8-க்குப் போகிறவர்கள், பாட்டிலின் முன்பக்கம் தெளிவாகவும் மூடியின் பின்விளிம்பு கலங்கியும் இருப்பதைக் காண்பார்கள். F/8, f/11 பாதுகாப்பானது. எவ்வளவு திறந்தாலும் மங்கலே வரவில்லை என்றால் பாட்டிலின் அளவைப் பார்க்க வேண்டும். 25 சென்டிமீட்டருக்குப் பதில் 25 மீட்டர் என்று கட்டியிருந்தால், கேமரா அதை ஒரு கட்டடமாகவே பார்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் படம் சப்பென்று இருந்தால், எல்லாப் பொருளுக்கும் ஒரே மங்கிய சாம்பல் நிறத்தைக் கொடுத்து ஒருமுறை ரெண்டர் செய்து பார்க்கிறார்கள். உருண்டு திரண்ட வடிவம் அப்போது தெரியவில்லை என்றால் கோளாறு விளக்கில், தெரிந்தால் மேற்பரப்பில்.