ஒரே வணக்கம் இரண்டு முறை வந்தால்

கைபேசியில் ஒருவர் ஒரு முறைதான் ‘வணக்கம்’ என்று தட்டி அனுப்புகிறார். மறுமுனைக்கு அது இரண்டு முறை வந்து சேர்கிறது. அங்கே இருப்பவர் மனிதர் என்றால் பார்த்ததும் புரிந்துகொண்டு ஒரு முறை பதில் சொல்வார். மருத்துவமனையின் முன்பதிவுச் சேவை போல, பதில் சொல்வது ஒரு நிரல் என்றால் நிலைமை வேறு. வந்த இரண்டையும் அது தனித்தனிச் செய்தியாக எடுத்துக்கொண்டு இரண்டு முறை பதில் அனுப்பும். வணக்கத்தோடு நின்றால் தொல்லை சிறிது. அதே வழியில் ‘நாளைக்கு ஒரு டோக்கன் போடுங்கள்’ என்ற செய்தி இரண்டு முறை வந்தால் ஒருவருக்கே இரண்டு டோக்கன் விழுந்துவிடும்.

செய்தி ஏன் இரட்டிக்கிறது?

ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் அந்த முன்பதிவுச் சேவைக்கு வணக்கம் அனுப்புவதாகக் கொள்வோம். காலை 10 மணிக்குக் கைபேசி செய்தியை அனுப்புகிறது. அடுத்த நொடியில் அது சர்வரை அடைகிறது. ‘வந்து சேர்ந்தது’ என்று சர்வர் ஒரு சிறு ஒப்புகையைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நேரத்தில் ரயில் குகைக்குள் நுழைய, சிக்னல் அறுந்து ஒப்புகை வழியிலேயே தொலைகிறது. கைபேசி 10 விநாடி காத்திருக்கிறது. ஒப்புகை வராததால் செய்தி போகவில்லை என்று கருதி, சிக்னல் திரும்பியதும் அதை மறுபடி அனுப்புகிறது. பயணி எதையும் இரண்டாம் முறை அழுத்தவில்லை. ஆனாலும் சர்வரிடம் இப்போது இரண்டு வணக்கங்கள் இருக்கின்றன.

கைபேசி செய்தது தவறல்ல. செய்தியே தொலைந்ததா, செய்தி சேர்ந்து ஒப்புகை மட்டும் தொலைந்ததா என்று கண்டறிய அதற்கு வழியில்லை. இரண்டிலும் அதற்குத் தெரிவது மௌனம் மட்டுமே. மறுபடி அனுப்பாமல் விட்டால் முதல் வகையில் செய்தி அடியோடு காணாமல் போகும். மறுபடி அனுப்பினால் இரண்டாம் வகையில் செய்தி இரட்டிக்கும். காணாமல் போன செய்தியைப் பெறுபவரால் மீட்க முடியாது. இரட்டித்த செய்தியை அவரால் அடையாளம் கண்டு ஒதுக்க முடியும். அதனால்தான் நம்பகமான சேவைகள் ‘குறைந்தது ஒரு முறையாவது சேர வேண்டும்’ என்ற விதியைத் தேர்ந்தெடுக்கின்றன.

ஒப்புகைக்கும் ஓர் ஒப்புகை வைத்தால் தீராதா என்று தோன்றலாம். தீராது. எத்தனை அடுக்கு வைத்தாலும் கடைசியாகப் போகும் ஒப்புகை தொலையக்கூடியதுதான். ‘இரு தளபதிகள் சிக்கல்’ என்று இன்று அறியப்படும் இந்த உண்மை 1975ஆம் ஆண்டின் ஓர் ஆய்வுக் கட்டுரையிலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. எனவே இரட்டிப்பே நேராதபடி செய்ய முடியாது. நேர்ந்த பிறகு அதனால் விளைவு மாறாதபடி செய்ய முடியும்.

இணையத்தின் அடிப்படை விதிமுறையான டிசிபி இதைப் பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்வியும் எழும். அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் டிசிபி வரிசை எண் வைக்கிறது. மறுபடி வந்தவற்றை அந்த எண்ணை வைத்தே தள்ளிவிடுகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒரே இணைப்புக்குள் மட்டுமே செல்லும். குகையில் இணைப்பு அறுந்து, வெளியே வந்ததும் புதிய இணைப்பு தொடங்கினால், பழைய இணைப்பில் என்ன போனது என்பது புதியதற்குத் தெரியாது. ஆகவே அடையாளம் இணைப்பில் இருந்தால் போதாது. செய்தியோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும்.

மின்னஞ்சல் இந்தத் தொல்லையை நெடுங்காலம் முன்பே சந்தித்தது. 1988 பிப்ரவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய RFC 1047 என்ற ஆவணம் முழுக்க இரட்டை மின்னஞ்சலைப் பற்றியதே. கடிதம் முடிந்தது என்பதை அனுப்பும் கணினி ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரியால் தெரிவிக்கும். பெறும் கணினி உடனே ஒப்புகை தராமல், கடிதத்தை உரியவர்களுக்குப் பிரித்துச் சேர்க்கும் வேலையில் இறங்கிவிட்டால், அனுப்பும் கணினி பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துப் பிறகு மறுபடி அனுப்பும். ஒரே கடிதம் இரண்டாகச் சேரும். பெறும் பக்கம் முதலில் ஒப்புகை தந்துவிட்டு மற்ற வேலையைப் பிறகு பார்க்க வேண்டும் என்பதே அந்த ஆவணத்தின் சாரம். 2008இல் வந்த RFC 5321, அந்தப் புள்ளிக்குப் பிறகு ஒப்புகைக்காக 10 நிமிடம் காத்திருக்கும்படி அனுப்பும் பக்கத்துக்குச் சொல்கிறது. இவை இரட்டிப்பைக் குறைக்கும், ஒழிக்காது.

அடையாள எண்

பயணி ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியவுடன், செய்தி கிளம்பும் முன்பே, கைபேசி அதற்கு ஓர் எண் இடுகிறது. எளிமைக்காக அதை `m-7f3a` என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் பெரும்பாலும் பயன்படும் யுயுஐடி 128 பிட் நீளமுள்ளது. அதன் நான்காம் வகையில் 122 பிட்கள் தற்செயலாக அமைவதால், இரண்டு செய்திகளுக்கு ஒரே எண் விழும் வாய்ப்பைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

எண் செய்திக்கு உரியது, முயற்சிக்கு உரியதன்று. முதல் முறையும் `m-7f3a`, பத்தாம் முறையும் அதே `m-7f3a`. ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண் உருவாக்கும் ஆப்பில் சர்வர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை.

எண்ணுக்குப் பதில் செய்தியின் வாசகத்தையே ஒப்பிட்டுப் பார்ப்பது தவறு. அதே பயணி மாலையில் மறுபடி ‘வணக்கம்’ அனுப்பினால், அது வேறு உரையாடலின் தொடக்கம். அதற்குத் தனிப் பதில் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் வந்த ஒரே வாசகத்தை ஒதுக்குவது என்று வைத்தாலும் தப்பில்லாமல் நடக்காது. அடுத்தடுத்த இரண்டு கேள்விகளுக்கு ‘சரி’ என்று பதில் தந்தவரின் இரண்டாவது ‘சரி’ காணாமல் போய்விடும்.

பெறும் பக்கத்தின் வேலை

செய்தி வந்ததும் சர்வர் அதன் எண்ணைத் தரவுத்தளத்தில் தேடுகிறது. இல்லையென்றால் பதிந்துகொண்டு பதில் தருகிறது. ஏற்கெனவே இருந்தால் பதில் தருவதில்லை. ஆனால் ஒப்புகையை மட்டும் மறுபடி அனுப்புகிறது. பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். மறுபடி வந்த செய்தியைச் சர்வர் சத்தமில்லாமல் தூக்கி எறிந்தால், கைபேசிக்கு ஒப்புகை கிடைக்காது. அது மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒப்புகை எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். பதில் ஒரு முறைதான் போக வேண்டும்.

தேடுவதும் பதிவதும் தனித்தனிப் படிகளாக இருக்கக் கூடாது. இரண்டு பிரதிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, சர்வரின் இரண்டு பகுதிகள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால், இரண்டும் தேடிப் பார்த்து ‘இல்லை’ என்று கண்டு, இரண்டும் பதில் அனுப்பிவிடும். அனுப்புநர், எண் இரண்டும் சேர்ந்த இணை ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு வைப்பதுதான் தீர்வு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அது இப்படி அமையும்:

```sql
INSERT INTO messages (sender, id, body)
VALUES ('p-101', 'm-7f3a', 'வணக்கம்')
ON CONFLICT (sender, id) DO NOTHING;
```

முதல் பிரதிக்கு `INSERT 0 1` என்ற விடை வரும். ஒரு வரி பதிவானது என்று பொருள். இரண்டாவதற்கு `INSERT 0 0` வரும். 1 வந்த பகுதி மட்டும் பதில் தர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மோதினாலும், ஒன்று முடியும்வரை மற்றதைத் தரவுத்தளமே காக்கவைக்கும்.

நடுவில் சர்வர் நின்றுபோனால்?

எண்ணைப் பதிந்த பிறகு, பதில் அனுப்பும் முன், சர்வருக்கு மின்சாரம் நின்றுவிட்டால் சிக்கல் வேறாகிறது. மீண்டும் இயங்கியதும் இரண்டாம் பிரதி வரும். எண் ஏற்கெனவே இருக்கும். எனவே பதில் என்றைக்கும் போகாது. வரிசையை மாற்றி, முதலில் பதில் அனுப்பிப் பிறகு எண்ணைப் பதிந்தால், நடுவில் நிற்கும்போது பதில் இரண்டு முறை போகும்.

இதற்காகச் சர்வர் பதிலை உடனே அனுப்புவதில்லை. செய்தியின் எண்ணையும், ‘அனுப்ப வேண்டிய பதில்’ என்ற குறிப்பையும் ஒரே பரிவர்த்தனையில் பதிகிறது. இரண்டும் சேர்ந்து பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது. அது முடிந்த பிறகே கைபேசிக்கு ஒப்புகை போகிறது. தனியாக இயங்கும் ஒரு நிரல், நிலுவையிலுள்ள பதில்களை எடுத்து அனுப்பி, போனது உறுதியானதும் குறித்துக்கொள்கிறது.

அந்த நிரலும் அனுப்பிவிட்டு, குறிக்கும் முன் நின்றுபோகலாம். அப்போது பதில் இரண்டாம் முறை போகும். ஆகவே பதிலுக்கும் மாறாத எண் வேண்டும். மூலச் செய்தியின் எண்ணிலிருந்தே `re-m-7f3a` என்று அமைத்தால் போதும். கைபேசியும் சர்வரைப் போலவே எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கிவிடும். பயணியின் திரையில் ஒரு பதில்தான் தோன்றும். பெறும் பக்கம் இந்த எண்ணைப் பார்க்காத வழியில் பதில் போகிறது என்றால், அந்தக் கடைசிப் படியில் இரட்டிப்புக்கு இடம் இருக்கவே செய்யும்.

பதிந்த எண்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை அனுப்பும் பக்கம்தான் தீர்மானிக்கிறது. கைபேசி 24 மணி நேரம்வரை மறுமுயற்சி செய்யும் என்றால், அதைவிடக் கூடுதலாக, இரண்டு மூன்று நாளாவது எண்கள் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டால், இரவெல்லாம் சிக்னல் இல்லாமல் கிடந்த கைபேசி காலையில் அனுப்பும் பிரதி புதுச் செய்தியாகிவிடும்.

தவறு எங்கே என்று கண்டறிய

சர்வரின் பதிவேட்டில் ஒரே எண் இரண்டு முறை வந்திருந்தால், அது மறுமுயற்சி. அப்படியிருந்தும் பதில் இரண்டு போயிருந்தால் கோளாறு சர்வர் பக்கம். வாசகம் ஒன்றாகவும் எண் வேறாகவும் இருந்தால், பயனர் இரண்டு முறை அழுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடைவெளி ஆப் காத்திருக்கும் நேரத்தோடு, இங்கே 10 விநாடியோடு, திரும்பத் திரும்பப் பொருந்தினால், ஆப் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண் இடுகிறது என்று ஐயப்படலாம்.

சேவையைப் பொதுமக்களுக்குத் திறக்கும் முன் இதைச் சோதிப்பதும் எளிது. சோதனைச் சர்வரில் ஒப்புகையை மட்டும் வேண்டுமென்றே நிறுத்தி வைத்து, ஒரு வணக்கம் அனுப்ப வேண்டும். பதிவேட்டில் ஒரே எண் பல முறையும், பதில் வரிசையில் ஒரே ஒரு பதிலும் இருந்தால் சேவை சரியாக இயங்குகிறது.