சீன நண்பரின் பாட்டி நலம்பெற வாழ்த்தணுமா? 'நைநை'யா, 'வைபோ'வா?

ஷாங்காயில் இருக்கும் நண்பர், "வைபோ ஆஸ்பத்திரியில் இருக்காங்க" என்று மெசேஜ் அனுப்புகிறார். பதிலுக்கு "உன் நைநை சீக்கிரம் குணமாகட்டும்" என்று அனுப்பினால் என்ன ஆகும்? வாழ்த்து, நலமாக இருக்கும் இன்னொரு பாட்டிக்குப் போய்விடும்!

காரணம் இதுதான். நைநை (奶奶) என்றால் அப்பாவின் அம்மா. அம்மாவின் அம்மாவுக்குத் தனிச் சொல் உண்டு. தென் பகுதிகளில் வைபோ (外婆), வடக்கில் லாவ்லாவ் (姥姥). நம்மூர் அப்பத்தா, அம்மாச்சி மாதிரிதான்.

வைபோவும் லாவ்லாவும் ஒரே உறவுதானே, எதை எழுதினால் என்ன என்று நினைக்க வேண்டாம். 2018-ல் ஷாங்காய் 2-ம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் ஒரு பாடத்தில் இருந்த வைபோவை லாவ்லாவ் என மாற்றியது தெரியவந்ததும் பெரும் சர்ச்சை கிளம்பியது. கடைசியில் வைபோவே திரும்பி வந்தது.

அப்போ என்ன செய்யலாம்? நண்பர் எழுதிய சொல்லையே அப்படியே திருப்பி எழுதுங்க. 'வைபோ சீக்கிரம் குணமாகட்டும்' என்பதற்கு இந்த ஒரு வரி போதும்:

祝外婆早日康复

அதேநேரம், வீடியோ காலில் அந்தப் பாட்டியே எதிரில் வந்தால் "நைநை ஹாவ்" (奶奶好) என்று வணக்கம் சொல்வதில் தப்பில்லை. பாட்டி வயதில் இருக்கும் எந்தப் பெண்ணையும் மரியாதையாக நைநை என்று கூப்பிடலாம். 'உன் நைநை' (你奶奶) என்று நண்பரிடம் சொல்லும்போதுதான் அது அப்பாவின் அம்மாவை மட்டும் குறிக்கும்.