இரண்டும் கோமதிதான், கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டு பேர்! தெரியுமா?

‘கோமதி’ என்று திரையில் ஒரு பெயர். பக்கத்தில் இன்னொரு ‘கோமதி’. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி, ஒரு கோடு வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்றுக்குள் இருப்பவை ஐந்து குறியீடுகள், மற்றதற்குள் ஆறு! தெரியுமா உங்களுக்கு?

யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும், ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் உண்டு. ‘க’வின் எண் U+0B95. ஓகாரக் குறியான ‘ோ’வுக்கு U+0BCB என்று ஒரே எண் இருக்கிறது. அதே ஓகாரத்தை ஏகாரக் குறி U+0BC7, கால் U+0BBE என்று இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். ‘இரண்டும் சமம்’ என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஆனால் இரண்டு பெயர்களை ஒப்பிடும் சாதாரண புரோகிராம் அந்த விதியைப் படித்துப் பார்ப்பதில்லை. பைட்டுக்குப் பைட்டு பொருத்திப் பார்க்கிறது. UTF-8இல் முதல் கோமதி 15 பைட், இரண்டாவது கோமதி 18 பைட். முடிந்தது கதை: ‘இந்தப் பெயரில் யாரும் இல்லை’!

இதைவிட ஆச்சரியம் என்ன தெரியுமா? தமிழில் இப்படி இரட்டை வடிவம் கொண்டவை மொத்தமே நான்குதான்: ொ, ோ, ௌ ஆகிய மூன்று குறிகள், கூடவே ‘ஔ’ என்ற உயிரெழுத்து. முருகன், மீனாட்சி, செல்வி போன்றவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவே வராது. கோபால், மனோகரன், பொன்னி, சௌந்தர்யா போன்றவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஆயிரம் பெயர் உள்ள பட்டியலில் இவர்கள் மட்டும் விட்டுப்போயிருந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்!

சரி, ஆறு குறியீட்டுக் கோமதி எங்கிருந்து வந்தாள்? பாமினி எழுத்துருவில் டைப் செய்தவர்கள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். அதில் கோமதிக்கு Nfhkjp என்று ஆறு விசைகள்: N என்றால் ஏகாரக் கொம்பு, f என்றால் க, h என்றால் கால், பிறகு k, j, p மூன்றும் ம, த, ி. இந்தப் பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் கன்வர்ட்டர், கொம்பைத் தூக்கிக் ககரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். அதன்பின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஓகாரம் ஆக்க வேண்டும். முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் பிறப்பவள்தான் ஆறு குறியீட்டுக் கோமதி! திரையில் அழகாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இன்னொரு ஊற்றும் உண்டு. ஆப்பிள் மேக் கணினிகளில் 2017 வரை வழக்கத்தில் இருந்த HFS+ கோப்பு முறை, கோப்பின் பெயரை வட்டில் எழுதும்போதே இப்படிப் பிரித்துத்தான் எழுதும். ‘கோமதி.jpg’ என்று நீங்கள் சேர்த்து டைப் செய்தாலும், அது லினக்ஸ் சர்வருக்குப் போய்ச் சேரும்போது பிரிந்த வடிவத்தில் இருக்கலாம். லினக்ஸில் கோப்பின் பெயர் வெறும் பைட் வரிசை. ஆகவே பட்டியலில் பெயர் இருக்கும், போட்டோ இருக்கும், இரண்டும் ஒன்று சேராது!

இப்போது ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். பழைய பாமினி கோப்பிலிருந்து மாற்றிய உறுப்பினர் பெயர்கள் ஒரு பக்கம். செல்போனில் அவர்களே டைப் செய்த விண்ணப்பங்கள் இன்னொரு பக்கம். கோமதி பொருந்தவில்லை. எக்செல்லில் =LEN(A2) என்று போடுங்கள்: ஒன்றில் 5, மற்றதில் 6 என்று வரும். =UNICODE(MID(A2,2,1)) என்று இரண்டாவது குறியீட்டைக் கேளுங்கள். சேர்ந்த வடிவம் என்றால் 3019, பிரிந்த வடிவம் என்றால் 3015 கிடைக்கும். ஃபார்முலாவே வேண்டாம் என்றால் ‘கோ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பல எடிட்டர்களில் சேர்ந்த வடிவம் ‘க’ ஆகிவிடும்; பிரிந்த வடிவமோ ‘கே’ என்று நிற்கும்! கண் முன்னே குட்டு உடையும் அந்தக் கணம் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை.

மருந்து? நார்மலைசேஷன். பிரிந்தவற்றைச் சேர்ப்பது NFC, சேர்ந்தவற்றைப் பிரிப்பது NFD. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வலையில் வழக்கம் NFC. பைத்தானில் இப்படி:

```python
from unicodedata import normalize
a = "க\u0bcbமதி"
b = "க\u0bc7\u0bbeமதி"
print(a == b)                                      # False
print(normalize("NFC", a) == normalize("NFC", b))  # True
```

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 13ஆம் பதிப்பிலிருந்து normalize() உள்ளேயே இருக்கிறது. சேமிக்கும்போது மட்டும் செய்துவிட்டுத் தேடும்போது மறந்துவிட்டால் பயனில்லை; தேடல் பெட்டியில் வரும் பெயரும் அதே வழியாகத்தான் போக வேண்டும்.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை! மிகப் பெரிய வியப்பே இனிமேல்தான். கௌசல்யா என்ற பெயரைப் பாருங்கள். பலர் ஔகாரக் குறியைத் தேடாமல், எகரக் கொம்பு போட்டு, அடுத்து ‘ள’ என்ற முழு எழுத்தையே டைப் செய்துவிடுகிறார்கள்: கெளசல்யா. பிரிந்த ஔகாரத்தில் இருப்பது கொம்பும் U+0BD7 என்ற குறியும். இதில் இருப்பதோ கொம்பும் U+0BB3 என்ற ளகரமும். LEN கேட்டால் இரண்டுக்கும் 8! நீளத்தை வைத்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. NFC முதலாவதைச் சேர்த்து 7 ஆக்கிவிடும். இரண்டாவதைத் தொடவே தொடாது. நமக்கு அது எழுத்துப்பிழை; யூனிகோடைப் பொறுத்தவரை வேறொரு சொல்.

‘அப்படியானால் ெ, ள சேர்ந்து வரும் இடத்திலெல்லாம் ௌ என்று மாற்றிவிடலாமே’ என்று தோன்றும். மாற்றினால் வெள்ளியும் தெளிவும் கெளுத்தி மீனும் குலைந்துபோகும்! ஆகவே ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம் என்று விட்டுவிட வேண்டும். ஒன்றும் இல்லாமல் வெறுமனே நின்றால் மட்டுமே சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ‘கெளம்பிட்டேன்’ போன்ற பேச்சுத் தமிழ் ஏமாற்றிவிடும். பெயர்ப் பட்டியலில் அப்படிச் சொற்கள் அரிது என்றாலும், மாறப்போகும் பெயர்களைத் தனியே எடுத்து ஓர் ஆள் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்ரீதரன்களும் தப்பவில்லை. ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் (U+0BB8) தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் (U+0BB6) தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே உருவத்தைத்தான் வரைகின்றன. இதையும் NFC இணைக்காது. ஆனால் அந்த நான்கு குறியீட்டு வரிசைக்கு வேறு பொருள் கிடையாது என்பதால், ஒன்றை மற்றதாக மாற்ற ஒரே ஒரு விதி எழுதினால் போதும்.

இந்தத் திருத்தங்களைப் பெயரின் மேலேயே செய்துவிடாதீர்கள். பெயரை உறுப்பினர் தந்தபடியே ஒரு புலத்தில் வைத்து, NFC செய்து ள, ஸ்ரீ விதிகளையும் போட்ட வடிவத்தைத் தேடலுக்கென இன்னொரு புலத்தில் வையுங்கள். பொருத்திப் பார்ப்பது இரண்டாவதில். சான்றிதழில் அச்சாவது முதலாவது.