நேரம் முதலில், பெயர் பிறகு

பள்ளி ஓட்டப்பந்தய முடிவுகள் கணினியில் இருக்கின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் பெயரும், ஓடி முடித்த நொடியும் சேர்ந்த ஒரு ஜோடி. பைத்தான் மொழியில் இதற்கு டியூப்பிள் என்று பெயர்.

```python
runs = [("கமலா", 14), ("முருகன்", 12),
        ("அமுதா", 15), ("கனி", 14)]
```

இதை அப்படியே `sorted(runs)` என்று கொடுத்தால், எல்லோரையும் விட மெதுவாக ஓடிய அமுதா முதலில் வந்து நிற்பார். டியூப்பிள்களை ஒப்பிடும்போது பைத்தான் முதல் மதிப்பைத்தான் முதலில் பார்க்கும். அது சமமாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போகும். நமக்கு வேண்டியது நேர் எதிரானது: நொடி முதலில், நொடி சமமானால் பெயர்.

```python
sorted(runs, key=lambda t: (t[1], t[0]))
```

எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் `t[1]` என்பது நொடி, `t[0]` என்பது பெயர். `key` ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருமுறை இயங்கி, இடம் மாற்றிய புதிய ஜோடியைத் தருகிறது. ஒப்பீடு அந்தப் புதிய ஜோடிகளுக்குள்தான் நடக்கும். விடையில் வருவதோ பழைய ஜோடிகள். எனவே முருகன், கனி, கமலா, அமுதா என்று பட்டியல் அமையும்.

`key`-இல் `t[1]` மட்டும் கொடுத்தாலும் பிழைச்செய்தி வராது. ஆனால் 14 நொடியில் ஓடிய இருவரும் மூலப் பட்டியலில் இருந்த வரிசையிலேயே, கமலா, கனி என்று நிற்பார்கள். சமமானவற்றின் முன்பின்னைப் பைத்தான் கலைப்பதில்லை. பட்டியல் வேறு வரிசையில் வந்தால் விடையும் மாறும் என்பதால், இரண்டாவது நிபந்தனையை எழுதிவிடுவதே சரி.

நொடிக்குப் பதில் மதிப்பெண் என்றால் பெரியது முதலில் வர வேண்டும். `reverse=True` பெயர்களையும் சேர்த்துத் தலைகீழாக்கிவிடும். `(-t[1], t[0])` என்று எண்ணுக்கு மட்டும் கழித்தல் குறி போட்டால் போதும். கோப்பிலிருந்து படித்த எண்கள் பெரும்பாலும் எழுத்துச்சரமாகவே வரும். அப்போது "12" என்பது "9"-க்கு முன்னால் போய்விடும். `int(t[1])` என்று எழுதினால் இது தீரும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் அகராதிகளில் ன கடைசி எழுத்து. ஆகவே கமலாவுக்குப் பிறகுதான் கனி வர வேண்டும். பைத்தான் பார்ப்பதோ யூனிகோடு எண்களை. அங்கே ன, ந-வை அடுத்து, ப-வுக்கும் முன்னால் இருக்கிறது. அதனால்தான் மேலே கனி முந்தினார். ற, ழ போன்றவற்றுக்கும் இதே கதிதான். மதிப்பெண் பட்டியலை அச்சிட்டு ஒட்டப்போகிறோம் என்றால், `t[0]` இருந்த இடத்தில், எழுத்துகளை அகராதி வரிசை எண்களாக மாற்றித் தரும் ஒரு சிறு செயற்கூற்றை எழுதி வைக்க வேண்டும். நொடியைப் பார்க்கும் பகுதியில் கைவைக்க வேண்டியதில்லை.