ஏழு கார்பன் ஆல்கஹாலுக்கு ஒரு திட்டம்

அலமாரியில் இரண்டு ஆல்கஹால் பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் நான்கு கார்பன் கொண்ட பியூட்டன்-1-ஆல், மற்றொன்றில் மூன்று கார்பன் கொண்ட புரோப்பன்-2-ஆல். கார்பன்களை இந்த இரண்டிலிருந்து மட்டுமே எடுத்து, ஏழு கார்பன் கொண்ட 2-மெத்தில்ஹெக்சேன்-2-ஆல் என்ற பெரிய ஆல்கஹாலைத் தயாரிக்க வேண்டும். கரிம வேதியியல் மாணவர்களுக்குத் தேர்வில் கொடுக்கப்படும் வகையான கணக்குதான் இது. தாளில் நான்கைந்து அம்புக்குறிகள் போட்டால் விடை முடிந்துவிடும். ஆய்வகத்தில் அதே விடையைச் செய்துபார்க்கும்போதுதான், ஒவ்வொரு அம்புக்குறிக்கும் இடையில் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

இரண்டு ஆல்கஹால்களையும் கலந்து சூடாக்கினால் நமக்கு வேண்டியது கிடைக்காது. அமிலம் சேர்த்தால் ஈதர் வரலாம். அதில் இரண்டு துண்டுகளையும் இணைத்திருப்பது ஆக்சிஜன். நமக்கு வேண்டியதோ கார்பனும் கார்பனும் நேரடியாகச் சேர்ந்த பிணைப்பு. அதை உண்டாக்க, ஒரு கார்பனில் எலக்ட்ரான் பற்றாக்குறையும் இன்னொன்றில் எலக்ட்ரான் மிகுதியும் இருக்க வேண்டும்.

பற்றாக்குறை உள்ள கார்பன் சுலபமாகக் கிடைக்கும். ஆல்டிஹைடு, கீட்டோன் போன்ற கார்பனைல் சேர்மங்களில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், அதோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன் சற்று நேர்மின் தன்மை பெறுகிறது. மிகுதி உள்ள கார்பன்தான் அரிது. அதற்கு வழி காட்டியவர் பிரான்ஸ் நாட்டின் விக்டர் கிரிக்னார்டு. அவருடைய ஆசிரியர் பிலிப் பார்பியே, மெக்னீசியம், மெத்தில் அயோடைடு, கீட்டோன் மூன்றையும் ஒன்றாகப் போட்டு 1899-இல் ஒரு ஆல்கஹாலைத் தயாரித்திருந்தார். கிரிக்னார்டு அதை இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதலில் ஈரமில்லாத ஈதரில் மெக்னீசியத்தையும் ஹாலைடையும் மட்டும் வினைபுரியவிட்டார். அது முடிந்த பிறகே கார்பனைல் சேர்மத்தைச் சேர்த்தார். 1900-இல் அவர் வெளியிட்ட இந்த முறைக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. மெக்னீசியம், கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவே புகுந்து தன் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அதுவரை பற்றாக்குறையில் இருந்த கார்பன் அதன்பின் எலக்ட்ரான் மிகுந்ததாக மாறிவிடுகிறது. இப்படிக் கிடைப்பதே கிரிக்னார்டு வினைபொருள்.

இனி நம் கணக்குக்கு வருவோம். திட்டத்தைப் பாட்டிலில் இருந்து தொடங்கக் கூடாது, கடைசியில் கிடைக்க வேண்டிய பொருளில் இருந்து பின்னோக்கி வர வேண்டும். அந்த மூலக்கூறில் OH எந்தக் கார்பனில் இருக்கிறதோ, அந்தக் கார்பன்தான் முன்பு கார்பனைல் கார்பனாக இருந்திருக்க வேண்டும். நம் ஆல்கஹாலில் அந்தக் கார்பனோடு இரண்டு மெத்தில் தொகுதிகளும் ஒரு பியூட்டைல் தொகுதியும் இணைந்துள்ளன. மூன்றில் ஏதாவது ஒன்று கிரிக்னார்டு வினைபொருளாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பியூட்டைல் பிணைப்பை வெட்டினால் மிஞ்சுவது அசிட்டோன். மெத்தில் பிணைப்பை வெட்டினால் மிஞ்சுவது ஹெக்சேன்-2-ஓன் என்ற ஆறு கார்பன் கீட்டோன்.

தாளில் இரண்டுமே சரியான விடை. ஆனால் ஹெக்சேன்-2-ஓன் உடலுக்குள் போனால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. மெத்தில் பக்கத்துக்குத் தேவைப்படும் மெத்தில் புரோமைடோ அறை வெப்பநிலையில் நச்சு வாயு. முதல் வெட்டு மூலக்கூறை நான்கு, மூன்று என்று ஏறக்குறையப் பாதியாகப் பிரிக்கிறது. அந்த நான்கும் மூன்றும் நம் அலமாரியிலேயே இருக்கின்றன. பியூட்டன்-1-ஆலின் OH-ஐ நீக்கிப் புரோமினை வைக்க வேண்டும். புரோப்பன்-2-ஆலை ஆக்சிஜனேற்றம் செய்து அசிட்டோனாக்க வேண்டும். ஆகத் திட்டம் இப்படி அமைகிறது:

பியூட்டன்-1-ஆல் → 1-புரோமோபியூட்டேன் → C₄H₉MgBr
புரோப்பன்-2-ஆல் → அசிட்டோன்
C₄H₉MgBr + அசிட்டோன், பிறகு நீர் → 2-மெத்தில்ஹெக்சேன்-2-ஆல்

தேர்வுத்தாளில் விடை இதோடு முடிகிறது. ஆய்வகத்தில் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் பொருள் எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும்? அதை முடிவு செய்வது அடுத்த படி. இங்கே அடுத்த படியில் காத்திருக்கும் கிரிக்னார்டு வினைபொருள், OH உள்ள எதைக் கண்டாலும் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு பியூட்டேன் வாயுவாகப் போய்விடும். நீராக இருந்தாலும் சரி, ஆல்கஹாலாக இருந்தாலும் சரி, ஒரு மோல் இன்னொரு மோலை அழித்துவிடும்.

இதன் கடுமையை எண்களில் பார்க்கலாம். 0.1 மோல், அதாவது 7.4 கிராம் பியூட்டன்-1-ஆலுடன் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் படியில் 80 சதவீதம் கிடைத்தால் கையில் 0.08 மோல் 1-புரோமோபியூட்டேன், ஏறக்குறைய 11 கிராம் இருக்கும். அதற்கு 2 கிராம் மெக்னீசியம் போதும். இதிலிருந்து உருவாகும் வினைபொருள் முழுவதையும் அழிக்க 1.4 மில்லிலிட்டர் நீர் போதுமானது. சரியாகக் காயவைக்காத குடுவையும், மூடி திறந்தே கிடந்த ஈதர் பாட்டிலும், ஈரம் வாங்கிய அசிட்டோனும் சேர்ந்தால் அந்த அளவை எட்டுவது கஷ்டமே இல்லை.

முதல் படியிலேயே இந்த எச்சரிக்கை தேவை. பியூட்டன்-1-ஆலை சோடியம் புரோமைடு, அடர் கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால் புரோமோபியூட்டேன் வரும். கூடவே வினைபுரியாத பியூட்டனாலும் கொஞ்சம் வரும். அதில் 1 கிராம் மட்டும் தங்கிவிட்டால்கூட, அடுத்த படியில் உருவாகும் வினைபொருளில் ஆறில் ஒரு பங்கு வீணாகும். இரண்டின் கொதிநிலையும் 102, 118 டிகிரி என்று அருகருகே இருப்பதால், எளிய காய்ச்சி வடித்தலை மட்டும் நம்ப முடியாது. அதனால் வடித்ததைக் குளிர்ந்த அடர் கந்தக அமிலத்தால் ஒருமுறை கழுவுகிறார்கள். பியூட்டனாலும், பக்கவிளைவாக வந்த டைபியூட்டைல் ஈதரும் அமிலத்தில் கரைந்துவிடும். புரோமோபியூட்டேன் கரையாது.

தவறு எளிதில் நடக்கும் இடமும் இதுதான். புரோமோபியூட்டேன் நீரைவிடக் கனமானது, ஆனால் அடர் கந்தக அமிலத்தைவிட லேசானது. பிரிபுனலில் நீரால் கழுவும்போது அடியில் நின்ற பொருள், அமிலத்தால் கழுவும்போது மேலே வந்துவிடும். அடியில் இருப்பதுதான் நம்முடையது என்ற பழக்கத்தில் மேலே நிற்பதைக் கொட்டிவிட்டால், அன்றைய வேலை அத்தோடு போயிற்று. எது எந்த அடுக்கு என்று உறுதியாகும்வரை எதையும் கொட்டாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு. அமிலம் போன பிறகு பைகார்பனேட் கரைசலாலும் நீராலும் கழுவி, நீரற்ற கால்சியம் குளோரைடு போட்டு ஈரத்தை எடுத்து, மறுபடியும் வடிக்க வேண்டும்.

அசிட்டோன் கிளையிலும் இதே கணக்குதான். அசிட்டோன் 56 டிகிரியிலும் புரோப்பன்-2-ஆல் 82 டிகிரியிலும் கொதிப்பதால் பிரிப்பது அவ்வளவு சிரமமில்லை. நீரைத்தான் விரட்ட வேண்டும். அதற்குக் கடுமையான காரமோ அமிலமோ பயன்படுத்தினால் அசிட்டோன் தன்னோடு தானே சேர்ந்து வேறு பொருளாகிவிடும். நீரற்ற கால்சியம் சல்பேட் போன்ற மென்மையான உலர்த்தி போதும்.

அடுத்தது மெக்னீசியம் படி. காய்ந்த குடுவையில் மெக்னீசியச் சுருள்களைப் போட்டு, கொஞ்சம் ஈதர் ஊற்றி, புரோமோபியூட்டேனில் சில துளிகளை மட்டும் விடுகிறார்கள். உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் வினையைத் தாமதப்படுத்தும் என்பதால் ஒரு அயோடின் துகளும் சேர்ப்பதுண்டு. வினை பிடித்துக்கொண்டதற்கு அடையாளங்கள் தெளிவானவை. அயோடினின் பழுப்பு நிறம் மறையும், கரைசல் கலங்கும், சூடாக்காமலேயே ஈதர் கொதிக்கத் தொடங்கும். ஈதரின் கொதிநிலை 35 டிகிரிதான் என்பதால் வினையின் சூடே அதற்குப் போதும்.

இந்த அடையாளங்கள் தெரியாதபோது, பொறுமையிழந்து மிச்ச புரோமோபியூட்டேனையும் ஊற்றிவிடுவதுதான் பெரிய ஆபத்து. பிறகு வினை பிடிக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் வினைபுரிந்து ஈதர் பொங்கி வெளியேறும். ஈதர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். எனவே பக்கத்தில் சுடர் எதுவும் இருக்கக் கூடாது, பனிக்கட்டித் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துளித்துளியாக விடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. புரோமோபியூட்டேன் குவிந்துகிடந்தால், ஏற்கெனவே உருவான வினைபொருள் அதோடு சேர்ந்து ஆக்டேனாகிவிடும். அப்படி இணைந்துபோன எட்டு கார்பன்களும் நமக்கு நஷ்டம்.

மெக்னீசியம் பெரும்பாலும் கரைந்ததும் குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து, ஈதரில் கரைத்த அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஈதர் சீறும். இந்தக் கட்டத்தில் குடுவையில் இருப்பது ஆல்கஹால் அல்ல, அதன் மெக்னீசியம் உப்பு. நீர் சேர்த்தால்தான் ஆல்கஹால் வெளிவரும். அந்த நீரோடு வலுவான அமிலத்தைச் சேர்ப்பது இங்கே சரிவராது. OH உள்ள கார்பனில் வேறு மூன்று கார்பன்கள் இணைந்த மூவிணைய ஆல்கஹால் அமிலத்தில் எளிதாக நீரை இழந்து ஆல்கீனாகிவிடும். அதனால் பனிக்கட்டியோடு அம்மோனியம் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். மெக்னீசியம் உப்புகளைக் கரைக்க அதன் லேசான அமிலத்தன்மை போதும்.

ஈதர் அடுக்கைப் பிரித்து, நீரற்ற பொட்டாசியம் கார்பனேட்டால் உலர்த்தி, ஈதரை ஓட்டியபின் மிஞ்சுவதை வடிக்க வேண்டும். வெப்பமானி நிற்கும் இடம் எங்கே என்ன பிசகியது என்று சொல்லிவிடும். 2-மெத்தில்ஹெக்சேன்-2-ஆல் வருவது 141 டிகிரியை ஒட்டி. 102-ஐ ஒட்டி நிறைய வந்தால் புரோமோபியூட்டேன் முழுதாக வினைபுரியவில்லை. 126 அருகே வந்தால் ஆக்டேன், அதாவது ஹாலைடை அவசரமாக விட்டிருக்கிறோம். அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் 3400 செ.மீ⁻¹ அருகே OH-இன் அகலமான பட்டை தெரிய வேண்டும், 1715 அருகே கார்பனைலின் கூர்மையான பட்டை இருக்கக் கூடாது.

இரண்டாம் கட்டத்தில் 60 சதவீதம் கிடைத்தால் கையில் நிற்பது 0.048 மோல், சுமார் 5.6 கிராம். 7.4 கிராமில் தொடங்கியவருக்கு இது குறைவாகத் தெரியலாம். 80 சதவீதத்தில் 60 சதவீதம் என்றால் 48 சதவீதம்தான். படி கூடக்கூட இந்தப் பெருக்கல் கையிருப்பைத் தின்றுகொண்டே போகும். இரண்டு கிளைகளைத் தனித்தனியே வளர்த்துக் கடைசியில் இணைக்கும் திட்டம் லாபமானது என்பதற்கு இதுவே காரணம். அசிட்டோன் கிளையில் ஏற்படும் நஷ்டம் பியூட்டைல் கிளையின் பெருக்கலுக்குள் வராது.

இலக்கு மாறினால் கவனிக்க வேண்டிய இடமும் மாறும். பியூட்டன்-1-ஆல் பாட்டில் மட்டும் இருக்கிறது, எட்டு கார்பன் கொண்ட ஆக்டேன்-4-ஆல் வேண்டும் என்றால், இரண்டு பாதியும் அதே பாட்டிலில் இருந்து வரலாம். ஒரு பங்கைப் புரோமைடாகவும், இன்னொரு பங்கைப் பியூட்டனால்டிஹைடாகவும் மாற்றிச் சேர்த்தால் போதும். ஆனால் இப்போது ஆக்சிஜனேற்றம் ஆல்டிஹைடோடு நிற்க வேண்டும். ஒரு படி தாண்டினால் வருவது பியூட்டனாயிக் அமிலம், அதில் மறுபடியும் ஒரு OH. அது ஆல்டிஹைடோடு கலந்து போனால் கிரிக்னார்டு வினைபொருளை முதலில் அதுதான் தீர்த்துக்கட்டும். ஆகவே இந்தத் திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஆக்சிஜனேற்றியைப் பயன்படுத்துவது என்பதே.