'ஒப்புக்கொள்கிறேன்' தந்த அனுமதி

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் திறந்தவர்கள் முன் ஓர் அறிவிப்பு வந்து நின்றது: பிப்ரவரி 8-க்குள் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது.

நம் அந்தரங்கப் பேச்சைப் படிக்கப்போகிறார்கள் என்று பலர் பதறினார்கள். அது நடக்கவில்லை. நண்பருக்கு அனுப்பும் செய்தி இரு முனைகளுக்கும் இடையே பூட்டப்பட்டே போகிறது. மாற்றம் வணிகக் கணக்குகளில் இருந்தது. ஒரு துணிக்கடையிடம் பட்டுச்சேலை விலை கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கடை தன் உரையாடல்களை ஃபேஸ்புக்கின் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். அதில் தெரிந்துகொண்டதை வைத்து உங்களுக்கு ஃபேஸ்புக்கில் விளம்பரமும் காட்டலாம். இப்படிப்பட்ட உரையாடலின் தொடக்கத்தில் ஒரு சிறு குறிப்பு வரும். அதைத் தொட்டுப் படித்தால் விஷயம் தெரியும்.

உங்கள் போன் எண், கருவியின் விவரம், ஐபி முகவரி ஆகியவை தாய் நிறுவனத்துக்குப் போவது 2016-லேயே தொடங்கிவிட்டது. விளம்பரத்துக்கு அவற்றைப் பயன்படுத்தாதே என்று சொல்ல அப்போது 30 நாள் அவகாசமாவது இருந்தது. 2021-இல் அதுவும் இல்லை. என் பார்வையில் உண்மையான அநியாயம் இதுதான். இந்தியப் போட்டி ஆணையமும் இதை மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கண்டு, 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அடுத்த அறிவிப்பு வரும்போது, 'யாருடன் பகிர்கிறோம்' என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு விரலை வையுங்கள்.